யாழ்ப்பாணமா, ராஜபாளையமா? ஒரே ஒரு போட்டோவை வெச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2024 நவம்பர் கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? ஃபெஞ்சல் புயல் முதல்ல இலங்கையோட கிழக்கையும் வடக்கையும் மழையில் முக்கி எடுத்தது. அப்புறம் நகர்ந்து வந்து, நவம்பர் 30-ம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. ஒரே புயல், ஒரே வாரம், ரெண்டு நாட்டுலயும் வெள்ளம், ரெண்டு பக்கமும் தமிழ். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு இதைவிடக் குழப்பமான சூழ்நிலை வேணுமா?

முழங்கால் அளவு தண்ணி, ஒரு ஓட்டு வீடு, தூரத்துல ஒரு கோபுரம். கீழே 'நம்ம ஊர்தான், இப்ப எடுத்தது' என்று ஒரு வரி. வெளியூர்ல இருக்கிற பிள்ளை பதறி அம்மாவுக்கு போன் போடும். அம்மா போன் சார்ஜ் இல்லாமல் ஆஃப் ஆகியிருந்தால், அடுத்த மூணு மணி நேரம் அந்தப் பிள்ளைக்கு எப்படிப் போகும்னு சொல்லவே வேண்டாம். இதுக்கு நேர் எதிரானதும் நடக்கும். நிஜமாகவே நம்ம தெருவில் எடுத்த படத்தை 'அது சிலோன் போட்டோப்பா' என்று யாராவது தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஜியோகெஸ்ஸர் விளையாடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கம்தான். ஸ்வீடனில் 2013-ல் தொடங்கிய ஆன்லைன் விளையாட்டு அது. கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஏதோ ஒரு ரோட்டில் உங்களை இறக்கிவிடும், எந்த இடம் என்று நீங்கள் மேப்பில் குத்தணும். ஜப்பானையும் பிரேசிலையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆளைக் கவிழ்ப்பது ஒரே மொழி பேசும் பக்கத்துப் பக்கத்து நாடுகள்தான். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அப்படி. மேற்கு வங்கமும் வங்கதேசமும் அப்படி. ஆனால் வங்காளத்தில் ஒரு வண்டி தெரிந்தால் போதும், பிரச்னை தீர்ந்தது. வங்கதேசத்தில் நம்பர் பிளேட்டே வங்காள எழுத்தில் இருக்கும், இந்தியாவில் ஆங்கில எழுத்து. நம்ம தமிழ் கேஸ் அவ்வளவு சுலபம் இல்லை.

வெயில்கூட உதவாது

ஏன் சுலபம் இல்லை என்பதை ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு யோசித்தால் நல்லாப் புரியும். போட்டோ எந்த ஊர் என்று தேடுகிறவர்கள் வழக்கமாக நிழலைப் பார்ப்பார்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீளம் என்று அளந்தால், பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஒரு கணக்கு கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கு அட்சரேகை 9.5 டிகிரி. யாழ்ப்பாணம் 9.66 டிகிரி. அதாவது மேப்பில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு போட்டால், சுமார் 260 கிலோமீட்டர் தாண்டி யாழ்ப்பாணத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும். ரெண்டு ஊர் கடிகாரத்திலும் ஒரே மணி. சூரியன் யாழ்ப்பாணத்தில் பத்து நிமிஷம் முன்னாடி உதிக்கும், அவ்வளவுதான். போனில் எடுத்த ஒரு படத்தின் நிழலை வைத்து இந்தப் பத்து நிமிஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

வண்டி ரெண்டு பக்கமும் இடது பக்கம்தான் ஓடும். பனை ரெண்டு பக்கமும் உண்டு. செம்மண்ணும் உண்டு. கோயில் மதிலில் சிவப்பு வெள்ளைப் பட்டையும் ரெண்டு பக்கமும் உண்டு. மூணு சக்கர வண்டி ரெண்டு ஊரிலும் பெரும்பாலும் பஜாஜ், பஸ்ஸில் ரெண்டு ஊரிலும் அசோக் லேலண்ட். சினிமா பேனரைப் பார்த்து 'விஜய் படம், அப்ப தமிழ்நாடுதான்' என்று முடிவு கட்டாதீர்கள். யாழ்ப்பாணத் தியேட்டர் வாசலிலும் அதே பேனர் தொங்கும்.

கம்பெனி போர்டுகளும் கவிழ்த்துவிடும். இந்தியன் ஆயில் பெட்ரோல் பங்க்கின் ஆரஞ்சு, நீல வட்டம் தெரிந்தால் இந்தியாதானே என்று தோணும். லங்கா ஐ.ஓ.சி. என்ற பெயரில் 2003 முதல் அதே வட்டம் இலங்கையிலும் இருக்கிறது. ஏர்டெல்லும் அங்கே 2009-லேயே போய்விட்டது. 2024-ல்தான் டயலாக் நிறுவனத்தோடு இணைந்தது. பழைய படம் ஒன்றில் சிவப்பு ஏர்டெல் போர்டு இருந்தால் அது எந்த நாடு என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நாலு படம், ஒரு தோழி

இதைச் சோதித்துப் பார்க்கணும்னே ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுற்றி நாலு படம் எடுத்தேன். ரெண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். மலையும் எழுத்தும் தெரியாதபடி படங்களை வெட்டிவிட்டு, யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து இப்போது சென்னையில் வேலை பார்க்கும் தோழி ஒருவரிடம் காட்டினேன். 'இதில எது உங்க ஊர் மாதிரி இருக்கு?' என்பது மட்டும்தான் கேள்வி.

முதல் படம், ராஜபாளையத்தின் பழைய பகுதியில் ஒரு குறுகலான தெரு. ரெண்டு பக்கமும் ஓட்டு வீடு, திண்ணை, ஒரு சைக்கிள். எனக்கு அது எந்தத் தமிழ் ஊராகவும் இருக்கலாம் என்று தோன்றியது. அவர் ஒரு செகண்ட்தான் பார்த்தார். "இது எங்கட ஊர் இல்லை. வீடெல்லாம் இப்பிடி ஒட்டி ஒட்டிக் கிடக்கு. வேலி எங்க? மதில் எங்க?"

இதுதான் கட்டடத்தில் கிடைக்கிற பெரிய துப்பு. கூரையைப் பார்ப்பதற்கு முன்னாடி, வீடு தெருவை எப்படித் தொடுகிறது என்று பாருங்கள். நம்ம பக்கம் பழைய தெருக்களில் வீட்டுச் சுவரே தெருவின் ஓரம். ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒட்டியிருக்கும். வாசப்படி இறங்கினால் ரோடு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்கள் இதற்கு நல்ல உதாரணம். யாழ்ப்பாணத்தில் பொதுவாக வீடு ஒரு வளவுக்குள் தள்ளி இருக்கும். தெருவிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வேலியோ மதிலோதான். முன்பு கிடுகு, பனையோலை வேலி. இப்போது தகரமும் சிமென்ட் மதிலும். நடுவில் ஒரு கேட், கேட்டுக்குள் மரங்கள், அதற்குப் பின்னால் வீடு. ஓட்டு வீடு என்பது ரெண்டு ஊருக்கும் பொது. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் வித்தியாசம்.

புது வீடுகளில் கூரையும் கொஞ்சம் பேசும். தமிழ்நாட்டில் புதுசாகக் கட்டினால் தட்டையான கான்கிரீட் மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர், மேலே கறுப்புத் தண்ணி டேங்க். இலங்கையில் புது வீட்டுக்கும் சரிந்த கூரை போடுவது இன்னும் சகஜம். ஆனால் டவுன் நடுவில் இருக்கும் கடைக் கட்டடங்களில் இந்த வித்தியாசம் எடுபடாது. அங்கே ரெண்டும் கான்கிரீட் டப்பாதான்.

ரெண்டாவது படத்தில் தோழி மாட்டிக்கொண்டார். ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு தோப்பு, காம்பவுண்ட் சுவர், இரும்பு கேட், உள்ளே தென்னைக்கு நடுவில் ஓட்டு வீடு. "இது கொக்குவில் பக்கம் ஒரு ஒழுங்கை மாதிரியே கிடக்கு" என்றார். வளவு, கேட், மரம் எல்லாமே இருந்தால் கட்டடம் பொய் சொல்லும் என்பதற்கு இது சாட்சி. ஊருக்கு வெளியே எடுத்த படங்களில் வீட்டை நம்பக்கூடாது.

மூணாவது படத்தைக் காப்பாற்றியது ஓரத்தில் நின்ற ஒரு ஆட்டோ. நாலாவது படத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நிறம் மங்கலாகாது

வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த படத்தில் எழுத்து எதுவும் தெரியாது. படம் எடுத்த இடம், நேரம் மாதிரி கூடுதல் தகவலையும் வாட்ஸ்அப்பே கழற்றிவிடும். ஆனால் நிறம் மிஞ்சும்.

தமிழ்நாட்டு ஆட்டோ மஞ்சள். இலங்கையில் சிவப்பு, நீலம், பச்சை என்று பல நிறங்களில் ஓடும். ஆக, தெருவில் நீல ஆட்டோவும் சிவப்பு ஆட்டோவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் இலங்கை என்று சாயலாம். ஒரே ஒரு ஆட்டோ மட்டும் தெரிந்தால் கொஞ்சம் பொறுங்கள். இங்கேயும் இப்போது எலெக்ட்ரிக் ஆட்டோக்கள் வேற நிறத்தில் வருகின்றன. அவற்றில் நம்பர் பிளேட் பச்சையாக இருக்கும், அதை வைத்துப் பிரிக்கலாம்.

நம்பர் பிளேட்தான் இன்னும் பலமான துப்பு. இலங்கையில் வண்டியின் முன்னால் வெள்ளைப் பலகை, பின்னால் மஞ்சள் பலகை. இந்தியாவில் முன்னும் பின்னும் ஒரே நிறம்தான். சொந்த வண்டிக்கு வெள்ளை, வாடகை வண்டிக்கு மஞ்சள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். ஆட்டோவின் பின்னால் மஞ்சள் பிளேட் இருப்பதைப் பார்த்துவிட்டு 'ஆஹா, இலங்கை' என்பார்கள். நம்ம ஊர் ஆட்டோவுக்கும் பின்னால் மஞ்சள்தானே! அதனால் பார்க்க வேண்டியது வாடகை வண்டியை இல்லை, சாதாரண பைக்கின் பின்பக்கத்தை. வரிசையாக நிறுத்தியிருக்கும் பைக்குகளில் எல்லாவற்றுக்கும் பின்னால் மஞ்சள் தெரிந்தால், ஒரு எண்கூடப் படிக்க முடியாவிட்டாலும் அது நம்ம பக்கம் இல்லை. நாலைந்து பைக்கின் பின்னால் வெள்ளை தெரிந்தால் இலங்கை இல்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெரிந்தால் அதுவும் நல்ல துப்பு. இலங்கை அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், கழுத்தில் டை. நாடு முழுக்க அதேதான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் கலர் யூனிஃபார்ம்.

ரோட்டோர எச்சரிக்கைப் பலகையும் அப்படித்தான். இந்தியாவில் சிவப்பு ஓரம் போட்ட வெள்ளை முக்கோணம். இலங்கையில் முனையில் நிற்கும் மஞ்சள் சதுரம், அதாவது டைமண்ட். வளைவு, ஸ்கூல், வேகத்தடை என்று உள்ளே என்ன படம் இருந்தாலும் வெளி வடிவம் மாறாது. பலகை தூரத்தில் இருந்தாலும் இது தெரியும்.

ஒரே எழுத்து, வேற ஸ்பெல்லிங்

எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். தமிழ் தெரியாத ஜியோகெஸ்ஸர் ஆளுக்கு ரெண்டு ஊர் போர்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நமக்கு மட்டும்தான் இந்தச் சலுகை.

இங்கே 'ஸ்டோர்ஸ்' என்று எழுதுவதை யாழ்ப்பாணத்துப் பழைய கடை 'ஸ்ரோர்ஸ்' என்று எழுதும். இங்கே பேட்டரி, அங்கே பற்றறி. இங்கே டிக்கெட், அங்கே ரிக்கெற். கனடாவில் இருக்கும் அவர்களின் சொந்தக்காரர்களுக்கு ஊர் ரொறன்ரோ, நமக்கு டொராண்டோ. இது எழுத்துப்பிழை இல்லை. ஆங்கிலத்தின் 't' ஒலி நம்ம 'ட'வைவிட 'ற்ற'வுக்கு நெருக்கம் என்று அவர்கள் காதில் விழுகிறது, அதைத்தான் எழுதுகிறார்கள். 'ற்ற'வைப் பழைய முறையில் உச்சரிக்கிற ஊர் அது, அதனால் அப்படி விழுவது நியாயம்தான். இதில் ஒரு பெரிய சௌகரியம் என்னவென்றால், போர்டு பாதி வெட்டுப்பட்டிருந்தாலும் நடுவில் ஒரு 'ஸ்ரோ' மட்டும் தெரிந்தால்கூடப் போதும். ஆனால் இப்போது யாழ்ப்பாணத்திலும் புதுக் கடைகள் நம்ம ஸ்பெல்லிங்கில் எழுத ஆரம்பித்திருக்கின்றன. அதனால் 'ஸ்ரோர்ஸ்' இருந்தால் அந்தப் பக்கம் என்று சொல்லலாம், 'ஸ்டோர்ஸ்' இருந்தால் இந்தப் பக்கம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

சொற்களும் அப்படித்தான். நம்ம காவல் நிலையம் அங்கே பொலிஸ் நிலையம். நம்ம மருத்துவமனை அங்கே வைத்தியசாலை. நம்ம மேல்நிலைப்பள்ளி அங்கே மகா வித்தியாலயம். நம்ம சந்து அங்கே ஒழுங்கை. நகராட்சி, ஊராட்சி எல்லாம் அங்கே 'சபை'. கதவு எண் என்று நாம் எழுதும் இடத்தில் 'இல.' என்று இருக்கும். சுவரில் ஒட்டிய போஸ்டரில் நம்ம ஊரில் 'கண்ணீர் அஞ்சலி' என்றால், அங்கே 'மரண அறிவித்தல்'.

'வீதி' என்ற சொல்லில் மட்டும் ஜாக்கிரதை. இலங்கையில் ரோடு என்றாலே வீதிதான். கண்டி வீதி, பருத்தித்துறை வீதி என்பார்கள். அதைப் படித்துவிட்டு 'வீதி இருந்தால் இலங்கை' என்று ஒரு ரூல் போட்டுக்கொண்டால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தோற்றுவிடுவீர்கள். ஆண்டாள் கோயிலைச் சுற்றி ரத வீதி இருக்கிறதே! பார்க்க வேண்டியது வீதிக்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்பதை. ரதம், மாடம் மாதிரி கோயில் சம்பந்தப்பட்ட சொல் இருந்தால் அது ரெண்டு பக்கமும் சாத்தியம். வேறொரு ஊரின் பெயர் முன்னால் வந்தால் இலங்கை. ஏனென்றால் நம்ம ஆட்கள் தென்காசி ரோடு, மதுரை ரோடு என்பார்களே தவிர, மதுரை வீதி என்று போர்டு வைக்க மாட்டார்கள்.

சிங்கள எழுத்து தெரிந்தால் கேள்வியே இல்லை, இலங்கைதான். ஆனால் சிங்களம் இல்லை என்பதால் இந்தியா என்று சொல்லக் கூடாது. அரசு போர்டுகளில்தான் மூணு மொழியும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் தனியார் கடைகள் பல தமிழும் ஆங்கிலமும் மட்டும்தான் எழுதும்.

போன் நம்பர் தெரிந்தால் அதைப் படிக்க வேண்டாம், எண்ணுங்கள். இலங்கை நம்பர் பூஜ்யத்தில் தொடங்கும், பூஜ்யத்தையும் சேர்த்து மொத்தம் பத்து இலக்கம். நம்ம மொபைலும் பத்து இலக்கம்தான், ஆனால் 6, 7, 8, 9-ல் தொடங்கும். நம்ம லேண்ட்லைன் பூஜ்யத்தில் தொடங்கினால் மொத்தம் பதினொன்று. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் 04563, அதற்குப் பிறகு ஆறு இலக்கம். யாழ்ப்பாணத்துக்கு 021, மட்டக்களப்புக்கு 065, அதற்குப் பிறகு ஏழு. ஆக, முதல் எழுத்து பூஜ்யம், மொத்தம் பத்து என்றால் அது அந்தப் பக்கம். லேண்ட்லைன் நம்பரில் முதல் மூணு எண் தெளிவாக இருந்தால் நாடு மட்டுமில்லை, எந்தப் பகுதி என்பதும் கிடைத்துவிடும்.

விலைப் பலகையும் அப்படி. ரெண்டு பக்கமும் ரூபாய்தான், ஆனால் அங்கே 'ரூபா' என்பார்கள். விலைக்குப் பின்னால் நம்ம ஊரில் `/-` என்று போடும் இடத்தில் அங்கே `/=` என்று போடும் பழக்கம் உண்டு. மதிப்பும் வேற. பெட்ரோல் இங்கே நூறு ரூபாய் பக்கத்தில் இருந்த காலத்தில் அங்கே முந்நூறு ரூபாய் பக்கத்தில் இருந்தது.

ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம்

இப்படி ஒரு படம் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே 'ராஜபாளையம், முடங்கியார் ரோடு, இன்று காலை' என்று எழுதியிருக்கிறது. தெருவில் தண்ணி. இடது பக்கம் நீளமான மதில், திறந்த கேட், உள்ளே மாமரம், அதற்குப் பின்னால் ஓட்டு வீடு. வலது பக்கம் மூடிய கடை, போர்டில் பாதி வெட்டுப்பட்டு '…ன் ஸ்ரோ' வரைக்கும் தெரிகிறது. கடை முன்னால் ரெண்டு பைக், பின்பக்கம் கேமராவைப் பார்க்க நிற்கிறது. வானம் முழுக்கச் சாம்பல்.

ராஜபாளையத்து ஆட்கள் முதலில் கேட்பது 'மலை எங்கப்பா?' என்றுதான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஊரின் மேற்கே சுவர் மாதிரி நிற்கும், யாழ்ப்பாணக் குடாநாடோ தட்டைத் தரை. மலை தெரிந்திருந்தால் யாழ்ப்பாணத்தை அப்போதே அடித்துவிடலாம். (இலங்கையையே அடித்துவிட முடியாது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் மலையும் உண்டு, தமிழ் போர்டும் உண்டு.) இந்தப் படத்தில் மலை இல்லை. ஆனால் மழை நாளில் மேகம் மலையை முழுசாக மூடிவிடும். கேமரா கிழக்கே பார்த்திருந்தாலும் மலை வராது. அதனால் மலை இல்லாததை ஒரு துப்பாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து மதிலும் கேட்டும். லேசாக யாழ்ப்பாணம் பக்கம் சாயும். ஆனால் ரெண்டாவது படத்தில் தோழி ஏமாந்தது ஞாபகம் இருக்கட்டும். ஊர் ஓரமாக இருந்தால் இங்கேயும் இப்படி இருக்கலாம், அதனால் இதற்கு முழு மார்க் கிடையாது.

பைக்குகளின் பின் பிளேட்டை ஜூம் பண்ணினால் எண் தெரியவில்லை, நிறம் மஞ்சள். ரெண்டிலும் மஞ்சள். ஒன்றில் மட்டும் இருந்திருந்தால் ஏதோ வாடகை பைக் என்று விடலாம். கேமராவே எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டுகிறதா என்றும் பார்க்கணும். அதற்குப் படத்தில் வெள்ளையாக இருந்தே ஆக வேண்டிய ஒன்றைத் தேடுங்கள். கடையின் வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. அப்போ பிளேட் நிஜமாகவே மஞ்சள்தான்.

கடைசியாக 'ஸ்ரோ'. பிளேட்டும் ஸ்பெல்லிங்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத துப்புகள். ஒன்று மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து வருவது, இன்னொன்று போர்டு எழுதியவரின் காதிலிருந்து வருவது. சம்பந்தமில்லாத ரெண்டு துப்பு ஒரே நாட்டைக் காட்டினால் முடிவு சொல்லலாம். மதில், கேட், மரம் மூணும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டினால் அதற்கு அந்த பலம் இல்லை. மூணும் ஒரே வளவு என்ற பழக்கத்திலிருந்து வருவதால் அவை மூணு சாட்சி இல்லை, ஒரே சாட்சி மூணு தடவை பேசுகிற மாதிரி. ஆக, இது இலங்கைத் தமிழ்ப் பகுதி. முடங்கியார் ரோடு என்று போட்ட வரி தப்பு. எந்த ஊர் என்பதைச் சொல்ல இந்தப் படம் போதாது. போர்டில் 021 என்று மூணு எண் தெரிந்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

இதைச் சரிபார்க்க எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரலாம். முடங்கியார் ரோடு என்று ஒருத்தர் சொல்கிறார் என்றால், கூகுள் மேப்ஸில் அந்த ரோட்டை எடுத்து, மக்கள் போட்டிருக்கும் படங்களைப் பாருங்கள். இடத்தைவிட்டு நகராத மூணு விஷயத்தைப் பொருத்துங்கள். மதிலின் வளைவு, கேட்டுக்கும் கடைக்கும் உள்ள தூரம், கோபுரம் தெரிந்தால் அதன் அடுக்கு எண்ணிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்துக்குப் பதினொரு நிலை. 'ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தண்ணியில நிக்குது' என்று ஒரு படம் வந்து, எண்ணினால் ஐந்தோ ஏழோதான் இருக்கிறது என்றால், அது ராஜகோபுரம் இல்லை என்று உடனே சொல்லலாம்.

அந்த நாலாவது படம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே எடுத்தது. செம்மண் பாதை, ரெண்டு பனை, ஒரு கிணறு, தேங்கிய மழைத்தண்ணி. வண்டி இல்லை, எழுத்து இல்லை, வீடு இல்லை, மேற்கே திரும்பாததால் மலையும் இல்லை. தோழி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது ரெண்டிலயும் வரும். எனக்குச் சொல்லத் தெரியேல்ல" என்றார். அந்தப் படத்துக்குச் சரியான பதிலும் அதுதான்.

இப்படி ஒரு படம் குரூப்பில் வந்தால் ஜூம் பண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. அனுப்பியவரிடம் 'அதே இடத்துல எடுத்த வீடியோ இருக்கா?' என்று கேளுங்கள். கேமரா ஒரு தடவை திரும்பினால் மலையோ பைக்கோ மாட்டும். அதுவும் மாட்டவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். பின்னால் யாராவது 'ஆமா, தண்ணி ஏறுது' என்று சொன்னால் நம்ம பக்கம். 'ஓம், தண்ணி ஏறுது' என்றால் அந்தப் பக்கம்.